ஒன்பது கேசட், ஒரு சுருதிப் பெட்டி

அப்பாவுக்கு எழுபது நிறைந்ததற்குத் திருக்கடையூரில் பீமரத சாந்தி வைத்தோம். அன்று மாலை உறவுக்காரர்களுக்குப் போட்டுக் காட்ட 22 நிமிடப் படம் ஒன்று தயாரித்திருந்தேன். பழைய போட்டோக்கள்தான் படம், பின்னால் அப்பத்தாவின் குரல். அந்தக் குரலைக் கேசட்டிலிருந்து கணினிக்குக் கொண்டுவந்து கேட்கும்படி ஆக்கவே நாலு மாதம் போயிற்று. படத்தை வெட்டி ஒட்டியது ஒன்பதே நாள். அந்த நாலு மாதத்தில் என்னென்ன செய்தேன், எங்கெங்கே சறுக்கினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அப்பா 1983இல் குவைத்துக்குப் போனார். அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட். யாராவது ஊரிலிருந்து கிளம்பினால் அவர் பையில் ஒரு கேசட் போகும். அப்பா வாங்கி அனுப்பிய ஒரு மோனோ ரிக்கார்டரைத் திண்ணையில் வைத்து, சிவப்பு பட்டனையும் பக்கத்து பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டு வீடே சுற்றி உட்கார்ந்து பேசும். அப்பத்தா 1988இல் இறந்தபோது அப்பாவால் வர முடியவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே வந்த பிறகு ஒரே பையோடு ஊர் திரும்பினார். அந்தப் பையில் இருந்தவை இந்த ஒன்பது கேசட்டுகள். எல்லாம் சி-60. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்.

முதல் தப்பு முதல் நாளே. ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு, உள்ளங்கை அளவில், யூஎஸ்பி வயரோடு ஒரு கேசட் கருவி வாங்கினேன். சொருகு, அழுத்து, பதிவு செய் என்று போட்டிருந்தது. குரல் அலையில் மிதக்கும் ஓடம் மாதிரி ஏறி இறங்கியது. நல்ல வேளையாக அதில் முதலில் போட்டது ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கேசட். நாடாவை அது மென்று துப்பியதைப் பார்த்ததும் வீட்டுக் கேசட்டுகளை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை. இன்று அது என் மகளின் விளையாட்டுச் சாமான்.

அடுத்து, பழைய எலக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கும் கடை ஒன்றில், ஒரே கேசட் போடும் டெக் ஒன்று 4,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இரட்டைக் கேசட் டெக் மலிவு, ஆனால் தவிர்த்தேன். ஓடுகிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். உள்ளே திறந்தால் பெல்ட் இளகித் தார் மாதிரி சக்கரத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பஞ்சுக் குச்சியால் சுரண்டி எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்தக் கறை விரலில் மூன்று நாள் இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புது பெல்ட் இரண்டும் சேர்த்து 180 ரூபாய். ஹெட்டையும் நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. துணியில் காவி நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அந்தக் காவிதான் நாடாவிலிருந்து உதிர்ந்த காந்தத் தூள்.

கேசட்டுகளில் முதலில் செய்த வேலை, மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு காதுகளையும் உடைத்தது. கை தவறி ரிக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அப்பத்தா அழிய மாட்டார். பிறகு ஒவ்வொன்றையும் ஓடவிடாமல், முன்னும் பின்னுமாக ஒருமுறை முழுக்கச் சுற்றினேன். முப்பத்தைந்து வருடம் ஒரே நிலையில் கிடந்த நாடா உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சுற்றும்போது தளர்ந்துவிடும். மூன்று கேசட்டுகளில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னப் பஞ்சுத் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. அது இல்லையென்றால் குரல் மூக்கடைத்த மாதிரி வரும், நடுநடுவே காணாமலும் போகும். விழுந்த பஞ்சை மறுபடி ஒட்டலாமென்று ஒன்றில் முயன்றேன், சாய்ந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் சுலபமான வழிக்கு வந்தேன்: ஐந்து திருகாணி போட்ட புதுக் கேசட் ஒன்றைத் திறந்து, அதன் ரீலை எடுத்துவிட்டு, நம் ரீலை அந்த ஓட்டுக்குள் மாற்றிவிடுவது. திறக்கும் முன் போட்டோ எடுத்துக்கொண்டால் நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று பிறகு குழம்ப வேண்டாம்.

இனி வருவதுதான் விஷயம். இது தெரியாததால் நாலு கேசட்டை இரண்டாம் முறை பதிவு செய்ய வேண்டி வந்தது.

முதல் சுற்றில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து 5,200 ரூபாய் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக மடிக்கணினிக்கு. மடிக்கணினியின் மைக் ஓட்டையில் நேராகச் சொருகாததற்குக் காரணம், அது இடது வலது இரண்டில் ஒன்றை மட்டுமே எடுக்கும், இரைச்சலையும் தானே சேர்க்கும். டெக்கில் இரைச்சல் குறைக்கும் டால்பியை அணைத்து வைத்தேன், வீட்டு ரிக்கார்டரில் டால்பி கிடையாது. மாதிரி வீதம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். படத்துக்குள் போகப்போகும் ஒலி என்பதால் 48. அளவு உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தொட்டால் போதும் என்று வைத்தேன். திண்ணைக் கதவு அறைந்து சாத்தும் இடத்தில் அது கழித்தல் 3 வரை போனதால், அப்படி வைத்தது நல்லதாகப் போயிற்று. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 500 எம்பி கோப்பு.

ஆனால் குரல் மங்கல். கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. அப்பத்தா அப்பாவை "ராசா" என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கேட்டது "ராதா". ஒவ்வொரு "ராசா"வும் "ராதா". பழைய நாடா, தேய்ந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, மேல்ஸ்தாயியை ஈக்வலைசரில் ஏற்றினேன். இரைச்சல் ஏறியது, ராதா ராதாவாகவே இருந்தாள். நாலு கேசட் இப்படியே முடித்துவிட்டேன்.

அஞ்சாவது கேசட்டின் பி பக்கத்தில் திடீரென்று "ராசா" தெளிவாகக் கேட்டது. ஏ பக்கம் மங்கல், பி பக்கம் பளிச். ஒரே நாடா, ஒரே ரிக்கார்டர். தேய்மானம் என்றால் இரண்டு பக்கமும்தானே தேய்ந்திருக்க வேண்டும்? ஆடியோ டெக் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "ஹெட் சாஞ்சிருக்குப்பா. அசிமத் பாத்தியா?" என்றார்.

ஹெட்டில் நாடாவைப் படிக்கும் பிளவு மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியது. பதிவு செய்த ஹெட்டின் பிளவு நாடாவுக்கு எந்தச் சாய்வில் நின்றதோ, படிக்கும் பிளவும் அதே சாய்வில் நிற்க வேண்டும். அந்தச் சாய்வுக்குப் பெயர்தான் அசிமத். இம்மி சாய்ந்தாலும் "ச", "ஷ" மாதிரியான உச்ச ஒலிகள் முதலில் போகும். அப்பத்தா வீட்டு ரிக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்து நின்றிருக்கிறது, என் டெக்கின் ஹெட் நேராக நிற்கிறது. நேரானதுதான் சரி என்பது இங்கே செல்லாது. கோணலாக எழுதியதைக் கோணலாகத்தான் படிக்க வேண்டும். கேசட் ஓட்டுக்குள் நாடா ஓடும் விதமும் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாறும், அதனால்தான் பி பக்கம் தற்செயலாகப் பொருந்திவிட்டது.

சரி செய்யும் விதம் எளிது. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகாணி இருக்கும், பெரும்பாலும் அதன் தலையில் பெயின்ட் பொட்டு. கேசட் கதவின் மூடியைக் கழற்றினால் ஓடும்போதே ஸ்குரூ டிரைவர் அதை எட்டும். காந்தம் ஏறாத ஸ்குரூ டிரைவராக இருக்க வேண்டும். முதலில் திருகாணி இருந்த நிலையை மார்க்கர் பேனாவால் குறித்தேன். பிறகு பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் மோனோ பொத்தானை அழுத்தி, இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஹெட்ஃபோனில் கேட்டேன். கலந்து கேட்பதில்தான் சூட்சுமம். மோனோ ரிக்கார்டர் நாடாவில் அகலமாக ஒரே தடம் போடும், ஸ்டீரியோ டெக் அதை மேலே கீழே என்று இரண்டு தடமாகப் படிக்கும். ஹெட் சாய்ந்திருந்தால் ஒரு தடம் மற்றதைவிட ஒரு நொடித் துணுக்கு முந்தி வரும். இரண்டையும் கலந்தால் உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். பொருந்தும் இடத்தில் எல்லாம் ஒன்று சேர்ந்து சட்டென்று திறக்கும். தனித்தனியாகக் கேட்டால் தெரியாத வித்தியாசம் கலந்து கேட்டால் கன்னத்தில் அறையும்.

கால் சுற்றுக்கு மேல் திருகத் தேவையே படவில்லை. எட்டில் ஒரு பங்கு சுற்றியதும் கம்பளியை யாரோ விலக்கினார்கள். "ராசா, மழ பேஞ்சுச்சாடா அங்கிட்டு?" குவைத்தில் மழையை விசாரிக்கிறார். அந்த ஒரு வரியைப் பத்துத் தரமாவது ஓட்டியிருப்பேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும், பேச்சு வருகிற இடத்தில் இரண்டு நிமிடம் ஓட்டி, "ச" கேட்டுத் திருகி, அப்புறம்தான் பதிவு. பழைய நாலு கேசட்டையும் திரும்பச் செய்தேன். ஈக்வலைசரைத் தொடவே தேவை வரவில்லை.

இப்படிப் பொருத்திய பிறகு இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கலப்பதில் இன்னொரு லாபம்: குரல் இரண்டிலும் ஒன்று, நாடா இரைச்சல் இரண்டிலும் வேறு வேறு. கலந்தால் இரைச்சல் மட்டும் 3 டெசிபல் இறங்கும், எந்த மென்பொருளும் இல்லாமல். நாடாவின் ஓரம் கசங்கிய இடங்களில் மட்டும் உள்பக்கத் தடத்தைத் தனியாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சிக்கலை நான் கண்டுபிடிக்கவில்லை, அத்தை கண்டுபிடித்தார். மூன்றாவது கேசட்டில் அத்தை தேவாரம் பாடுகிறார். அப்போது பள்ளிக்கூடம் படிக்கிற பெண், அம்மா பாடச் சொன்னதால் பாடுகிறார், கூடச் சுருதிப் பெட்டி. அதைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் சுருதி இல்லப்பா" என்றார். "நான் அஞ்சரைக் கட்டைக்கு மேல பாடுனதே கெடையாது. இது ஆறு மாதிரி கேக்குது."

வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். என் டெக் வேகமா, அந்த ரிக்கார்டர் மந்தமா? அதே பெரியவரிடம் 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் இரவல் வாங்கினேன். என் டெக்கில் அது 3012 காட்டியது. அரை சதவீதம்கூட இல்லை. ஆக, கோளாறு பதிவின்போதே. மோட்டார் மந்தமாக ஓடிய ரிக்கார்டரில் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று ஏறித்தான் வரும்.

எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? எனக்குத் தோன்றிய யோசனையைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ரிக்கார்டர் கரண்டில் ஓடியது, கரண்டின் "ம்ம்" என்ற ரீங்காரம் நாடாவில் மெல்லப் பதிந்திருக்கிறது. நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ். நாடாவில் அது எத்தனையாகத் தெரிகிறதோ அதை 50க்குக் கொண்டுவந்தால் வேகம் சரி.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பேச்சில்லாத இடமாக அரை நிமிடம் எடுத்து, நகல் ஒன்றை 8000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு இறக்கி, `Plot Spectrum` திறந்து அளவை 65536 என்று வைத்தேன். மாதிரி வீதத்தை இறக்காவிட்டால் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடுகள் முக்கால் ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் விழும், எதுவும் தெரியாது. இறக்கினால் எட்டில் ஒரு ஹெர்ட்ஸ்வரை பிரித்துப் பார்க்கலாம். இரண்டு முகடுகள் தெரிந்தன. ஒன்று 50.0, மற்றது 50.9. டெக்கை பாஸில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் 50.0 மட்டும் இருந்தது. அது என் வீட்டு இன்றைய கரண்டு. 50.9தான் அப்பத்தா வீட்டுக் கரண்டு. கோப்பை 1.77 சதவீதம் மெதுவாக்கி அத்தைக்கு அனுப்பினேன்.

"கொஞ்சம் எறங்கியிருக்கு. ஆனா இன்னும் நான் இல்ல."

அத்தைக்கு ஞாபகப் பிசகு என்று நினைத்தேன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா பக்கத்தில் இருந்தார். 50 என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தக் காலத்துல சாயங்காலம் ஏழு மணிக்கு நாப்பத்தெட்டரை இருந்தாலே பெரிய விசயம்டா. எல்லா வீட்டுலயும் லைட்டு, வயல்ல மோட்டார், உற்பத்தி பத்தாது. ஃப்ரீக்வென்ஸி எறங்கிக்கிட்டே இருக்கும்." இன்று தேசம் முழுக்க ஒரே மின்கட்டமைப்பு, அலைவெண் 49.90க்கும் 50.05க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. அன்று தென்மாநிலங்களின் கட்டமைப்பு தனி, 50க்கு நன்றாகக் கீழே ஓடுவது அன்றாட நடப்பு. 2003இல் அலைவெண்ணைப் பொறுத்து மாநிலங்கள் காசு கட்டும் முறை வந்த பிறகுதான் நிலைமை சீரானதாம். என் அளவுகோலே நீண்டு குறுகும் அளவுகோல்.

அப்படியானால் கெட்டியான அளவுகோல் எது? சுருதிப் பெட்டி. அது இன்னமும் அத்தை வீட்டுப் பரணில் இருந்தது. கையால் துருத்தியை அமுக்கும் பழைய மாடல். துருத்தி ஓரத்தில் எலி கடித்த ஓட்டையை டேப் போட்டு அடைத்து, தூசி தட்டி, ஸட்ஜமம் ரீடைத் திறந்து அத்தையே அமுக்க, நான் போனில் பதிந்தேன். 209 ஹெர்ட்ஸ். நாடாவில், திருத்தாத பதிவில், அதே ஸட்ஜமம் 218. வகுத்தால் 1.043. பதிவு 4.3 சதவீதம் வேகம். ரீடு இத்தனை வருடத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்தான். ஆனால் இது முக்கால்வாசி அரைக்கட்டை வித்தியாசம், அவ்வளவு நகர்ந்திருந்தால் பஞ்சமத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது காதே காட்டிக்கொடுத்திருக்கும். பஞ்சமம் சுத்தமாக நின்றது.

எல்லாக் கோப்புகளையும், பெயரை மட்டும் மாற்றி மாற்றி, sox நிரலின் இந்த ஒரே கட்டளையில் திருத்தினேன். தடம் கலப்பதும் இதிலேயே முடிந்துவிடும்:

```
sox K03_A_raw.wav K03_A_sp.wav remix - speed 0.9587 rate -v 48k
```

ஆடாசிட்டியில் செய்வதானால் `Change Speed and Pitch`, கழித்தல் 4.13. `Change Tempo` வேண்டாம், அது சுருதியை அப்படியே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும். திருத்திய கோப்பில் ரீங்காரத்தை மறுபடி அளந்தேன்: 48.8. சித்தப்பாவிடம் காட்டினேன். "நாஞ் சொல்லல?" என்றார். கேசட்டில் பின்னணியில் விளக்கு வைக்கச் சொல்லும் குரல் இருக்கிறது, மாலை நேரம்தான்.

இதற்கு அடங்காதது ஏழாவது கேசட். அன்று கரண்டு இல்லை, பேட்டரியில் பதிந்திருக்கிறார்கள். ரீங்காரமே கிடையாது, பேட்டரி இறங்க இறங்க மோட்டார் தளர்ந்ததால், ஓட்டும்போது தொடக்கத்தில் மனிதக் குரலாக இருப்பது கடைசியில் அணில் குரலாகிவிடுகிறது. ஒரே எண்ணால் திருத்த முடியாது. ஐந்து ஐந்து நிமிடமாக வெட்டி, காது கணக்கில் ஒவ்வொன்றையும் தனியாக இறக்கிப் பார்த்தேன். ஒட்டுகள் தெரிந்தன. படத்தில் அதிலிருந்து முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இரைச்சல் நீக்குவதில் நான் சறுக்கியது எல்லாரும் சறுக்குகிற இடத்தில்தான். ஆடாசிட்டியின் `Noise Reduction`, 24 டெசிபல். இரைச்சல் சுத்தமாகப் போனது, அப்பத்தா கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து பேசினார், ஒவ்வொரு சொல்லின் வாலிலும் கிண்கிணிச் சத்தம். 12க்கு இறக்கினாலும் மீதி இருந்தது. காரணம் பிறகு புரிந்தது. அந்த ரிக்கார்டர்களில் ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் ஏற்பாடு உண்டு. பேசும்போது இறக்கிக்கொள்ளும், பேச்சு நின்றால் இரண்டு நொடிக்குள் எதையாவது கேட்போமே என்று மெல்ல ஏற்றும், கூடவே இரைச்சலும் பொங்கி வரும். நான் இரைச்சல் மாதிரியை எடுத்ததோ பேச்சில்லாத நீண்ட இடைவெளியில், அதாவது இரைச்சல் உச்சத்தில் இருக்கும் இடத்தில். பேச்சுக்கு நடுவில் அவ்வளவு இரைச்சலே இல்லை. இல்லாததை நீக்கச் சொன்னதும் மென்பொருள் குரலைப் பிய்த்திருக்கிறது.

மாதிரியை இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே, பேச்சு நின்ற அரை நொடியிலிருந்து எடுத்தேன். நீக்கும் அளவு 6 டெசிபல் மட்டும். நீண்ட இடைவெளிகளில் பொங்குகிற இரைச்சலை மென்பொருளுக்கு விடாமல், கையால் 4, 5 டெசிபல் தாழ்த்தினேன். முழுக்க அமுக்கினால் சொல்லுக்குச் சொல் வீடு தோன்றி மறைவதுபோல இருக்கும், அதனால் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். ரீங்காரத்துக்கு 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, மேலே அதன் மடங்குகளை `Notch Filter` வைத்து எடுத்தேன். மடங்கு என்றால் 50இன் மடங்கு இல்லை, 48.8இன் மடங்கு: 97.6, 146.4, 244. முன்பு 100, 150 என்று வைத்தபோது ஒன்றும் போகாததன் காரணம் இப்போதுதான் விளங்கியது.

சுத்தம் செய்ததை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "கப்பிச் சத்தம் எங்கப்பா?" என்றார். திண்ணைக்குப் பக்கத்துக் கிணற்றில் யாரோ தண்ணீர் இறைக்கிற கிறீச் கிறீச் அசல் பதிவில் இருந்தது. இரைச்சலோடு சேர்த்து நானே தேய்த்துவிட்டேன். அசல் கோப்புக்குப் போய், யாரும் பேசாமல் கப்பி மட்டும் ஓடுகிற நாற்பது நொடியை எடுத்து, எதுவும் செய்யாமல் படத்தின் தொடக்கத்தில் வீட்டு போட்டோவுக்கு அடியில் போட்டேன். இரைச்சலோடுதான். படம் முழுக்கவே அந்த இரைச்சலை மிக மெலிதாக அடியில் ஓடவிட்டதும், வெட்டிய இடங்கள் காதில் இடறுவது நின்றது.

ஒரு வெட்டி வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணி நேரத்தையும் கேட்டு, எந்த இடத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று நோட்டில் நேரத்தோடு குறித்தேன். பத்து மாலை. அதையெல்லாம் வேகம் திருத்துவதற்கு முன்பே செய்திருந்தேன். கோப்பு நீண்டதும் எல்லா நேரமும் நழுவிவிட்டது. 12 நிமிடம் 40 நொடியில் இருந்த "ராசா, மழ பேஞ்சுச்சாடா" 13 நிமிடம் 13 நொடிக்குப் போய்விட்டது. ஒவ்வொரு குறிப்பையும் 0.9587ஆல் வகுத்து மாற்றி எழுதினேன். அடுத்த முறை அசிமத், பதிவு, வேகம், அதற்குப் பிறகே நோட்டு. அந்த யூஎஸ்பி பொம்மையைக் கழித்தால் மொத்தச் செலவு பத்தாயிரத்துக்குள். ஓட்டுக்காக வாங்கிய மூன்று புதுக் கேசட், ஆல்கஹால், பஞ்சுக் குச்சி எல்லாம் அதில் அடக்கம்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவுக்கு மட்டும் தனியாக ஐந்து நிமிடம் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்லா இருக்கு. ஆனா அம்மா குரல் இவ்வளவு கனமா இருக்காதே" என்றார். அத்தை, "இதுதாண்ணே அம்மா குரல், அச்சு அசல்" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஊரில் மந்தமான ரிக்கார்டரில் பதிந்தது, குவைத்தில் அறையில் இருந்த நல்ல பிளேயரில் ஓடியிருக்கிறது. ஐந்து வருடம் அவர் கேட்டதெல்லாம் 4 சதவீதம் வேகமான அம்மாவைத்தான். அதற்குப் பிறகு நேரில் கேட்க ஆள் இல்லை.

படத்தில் திருத்திய வேகத்தையே வைத்தேன், அங்கே அத்தையும் சித்தப்பாவும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்பா காரில் போட்டுக் கேட்க ஒரு பென்டிரைவ் கொடுத்திருக்கிறேன். அதில் அசிமத் பார்த்து, இரைச்சல் குறைத்து எல்லாம் செய்திருக்கிறது, வேகத்தை மட்டும் தொடவில்லை.